யூரியா தட்டுப்பாட்டில் கடைகளுக்குப் பங்கு பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் ஒரு மொத்த உர வியாபாரியிடம் கடைகளுக்கு லோடு பிரிக்கும் வேலை பார்க்கிறேன். சம்பா மேலுரக் காலத்தில் யூரியா குறைவாக வரும்போது சில்லறைக் கடைக்காரர்கள் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விளக்குவதற்கு எளிதாக ஐந்து ஊர்க் கடைகளை வைத்து ஒரே கணக்கைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். அதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

வந்த மூட்டையை எல்லாக் கடைக்கும் சமமாப் பிரிச்சுட்டா பிரச்சனையே இல்லையே அண்ணே?

கடைக்குக் கடை சமம் என்றால் விவசாயிக்கு விவசாயி சமம் ஆகாது. கோட்டூர்க் கடையை நம்பி அடுத்த பத்து நாளில் 360 ஏக்கருக்கு மேலுரம் போட வேண்டியிருக்கிறது, முத்துப்பேட்டைக் கடையை நம்பி 200 ஏக்கர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கவிருக்கும் 720 மூட்டையை ஐந்து கடைக்கும் ஆளுக்கு 144 என்று கொடுத்தால், முத்துப்பேட்டையில் பெரும்பாலோருக்குக் கிடைத்துவிடும். கோட்டூரில் பாதிப் பேருக்கு மேல் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

மற்ற பொருளாக இருந்தால் தட்டுப்பாட்டில் விலை ஏறும், கொஞ்சம் பேர் வாங்காமல் விடுவார்கள், தேவை தானாக இறங்கும். யூரியாவுக்கு அந்த வழி கிடையாது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று அரசு வைத்த விலைதான், தட்டுப்பாட்டிலும் அதேதான். ஆகவே எந்த ஊர் வயலுக்கு உரம் போகும், எந்த ஊருக்குப் போகாது என்பதை நாங்கள் எழுதும் ஒரு பக்கத் தாள்தான் முடிவு செய்கிறது. சமமாகப் பிரிப்பது நமக்குச் சுலபம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்தச் சுலபத்துக்காக அதைச் செய்யக் கூடாது என்பது என் எண்ணம்.

அப்போ அவங்கவங்க போட்ட ஆர்டர்ல இத்தனை சதவீதம்னு கொடுத்துடுங்க. அதுதானே நியாயம்?

சரக்கு தாராளமாக இருக்கும் மாதத்தில் ஆர்டர் உண்மையைச் சொல்லும். தட்டுப்பாடு என்று காதில் விழுந்த மறுநாளே அது உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடும். 40 சதவீதம்தான் கிடைக்கும் என்று தெரிந்தவர் 150 தேவைக்கு 400 என்று எழுதுவார். எல்லாரும் அப்படி எழுத ஆரம்பித்தால் சதவீதம் இன்னும் இறங்கும், அடுத்த முறை 800 என்று எழுதுவார்கள். கடைசியில் கூச்சப்பட்டு உள்ளதை உள்ளபடி எழுதியவர்தான் நஷ்டப்படுவார்.

நம் ஐந்து கடைகளில் வடுவூர் 400, கூத்தாநல்லூர் 300, கோட்டூர் 300, திருத்துறைப்பூண்டி 600, முத்துப்பேட்டை 200 என்று ஆர்டர் போட்டிருக்கின்றன. மொத்தம் 1,800. 720 மூட்டையை இதன்படி பிரித்தால் ஆளுக்கு 40 சதவீதம். வடுவூருக்கு 160 போகும். அவரிடம் ஏற்கெனவே 120 மூட்டை இருக்கிறது, அவர் ஊர்த் தேவையோ 300. அதாவது 300-க்கு 280 ஆகிவிடும், கிட்டத்தட்ட எல்லாருக்கும் கிடைத்துவிடும். கோட்டூருக்கு 120 போகும். அங்கே இருப்பு எதுவும் இல்லை, தேவை 360. மூன்றில் இரண்டு பேருக்கு இல்லை. ஆர்டரை நேர்மையாகப் போட்டது கோட்டூர்க்காரர்தான், அவர் தலையில்தான் எல்லாம் விடிகிறது.

ஆகையால் தட்டுப்பாட்டில் ஆர்டரை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பார்க்கிறோம்: யாருக்கும் அவர் கேட்டதற்கு மேல் அனுப்புவதில்லை. கூட எழுதினால் பங்கு கூடாது, குறைத்து எழுதினால் குறையும். இது தெரிந்த பிறகு பெருக்கி எழுதுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

அப்படின்னா எதை வெச்சுத்தான் பங்கு போடுறீங்க? கணக்கைக் காட்டுங்க.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். அடுத்த பத்து நாளில் அந்தக் கடையின் வழக்கமான வாடிக்கையாளர்கள் எத்தனை ஏக்கருக்கு மேலுரம் போடுவார்கள், கடையில் இப்போது எத்தனை மூட்டை இருக்கிறது, எங்களுக்கு எவ்வளவு வந்திருக்கிறது. ஒரு தவணைக்கு ஏக்கருக்கு ஒரு முழு மூட்டை தேவைப்படாது என்றாலும், வாங்குபவர் மூட்டையைப் பிரித்து வாங்குவதில்லை. அதனால் கணக்குக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை என்றே வைக்கிறோம்.

ஐந்து கடைத் தேவையையும் கூட்டினால் 1,500 மூட்டை. கடைகளில் இருப்பது 240. வந்திருப்பது 800, அதில் 80 மூட்டையைக் கையில் நிறுத்திவிட்டு 720-ஐப் பிரிக்கிறோம் (நிறுத்துவது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்). கடையில் இருப்பதும் போகப்போவதும் சேர்ந்தால் 960. 1,500-க்கு 960 என்றால் 64 சதவீதம். எந்த ஊர் விவசாயி போனாலும் அவர் கடையில் நூற்றுக்கு 64 பேருக்குச் சரக்கு இருக்க வேண்டும் என்பதுதான் இலக்கு. ஒவ்வொரு கடைத் தேவையிலும் 64 சதவீதம் போட்டு, அங்கே ஏற்கெனவே இருப்பதைக் கழித்தால் அனுப்ப வேண்டிய மூட்டை வந்துவிடும்.

| கடை | 10 நாள் தேவை | இருப்பு | 64% இலக்கு | அனுப்புவது |
|---|---|---|---|---|
| வடுவூர் | 300 | 120 | 192 | 72 |
| கூத்தாநல்லூர் | 240 | 40 | 154 | 114 |
| கோட்டூர் | 360 | 0 | 230 | 230 |
| திருத்துறைப்பூண்டி | 400 | 60 | 256 | 196 |
| முத்துப்பேட்டை | 200 | 20 | 128 | 108 |

கடைசி வரிசையைக் கூட்டினால் 720 வரும். அரை மூட்டை, கால் மூட்டை என்று வருவதைக் கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றியிருக்கிறோம். மாற்றியதில் ஒன்றிரண்டு கூடிக் குறைந்தால், இருப்பு மிகக் குறைவாக உள்ள கடையின் பக்கம் சாய்த்துவிடுவது வழக்கம்.

நான் சாமர்த்தியமா முன்னாடியே சரக்கு எடுத்து வெச்சேன். அதை எதுக்குக் கழிக்கிறீங்க? முன்யோசனைக்குத் தண்டனையா?

உங்கள் 120 மூட்டையை யாரும் எடுக்கவில்லை. அது உங்களிடமே இருக்கிறது, நீங்கள்தான் விற்கப் போகிறீர்கள். இருப்பைக் கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை மேலே ஆர்டர்க் கணக்கிலேயே பார்த்தோம்: ஒரு ஊரில் தீர்ந்துபோக, இன்னொரு ஊரில் மூட்டை அடுக்கியிருக்கும்.

இருப்பு இலக்கையே தாண்டிவிட்ட கடைக்குத் தனிக் கணக்கு உண்டு. வடுவூரில் 120-க்குப் பதிலாக 230 மூட்டை இருந்தால் அவருக்கு இந்த முறை லோடு இல்லை. ஆனால் அவரைக் கணக்கில் வைத்துக்கொண்டே சதவீதம் போட்டால், அவரிடம் இருப்பதையும் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று தாள் நினைத்துக்கொள்ளும், கூட்டல் 720-ஐத் தாண்டிவிடும். எனவே அவரை எடுத்துவிட்டு மீதி நான்கு பேருக்கு மறுபடி போட வேண்டும். தேவை 1,200, இருப்பு 120, பிரிப்பது 720, ஆக 840. நால்வருக்கும் 70 சதவீதம். இந்த இரண்டாவது கணக்கை மறப்பவர்கள்தான் லாரி ஏற்றும்போது மூட்டை பற்றாமல் கடைசிக் கடைக்குக் குறைத்துவிடுவார்கள். அந்தக் கடைசிக் கடை பெரும்பாலும் கடைமடை ஊராக இருக்கும்.

போன பத்து நாள்ல நான் வித்ததெல்லாம் மெஷின்ல பதிவாகியிருக்கே. அதைப் பார்த்தே தேவையைக் கண்டுபிடிச்சுடலாமே?

பார்க்கிறோம், ஆனால் அப்படியே எடுப்பதில்லை. விற்பனைக் கருவியில் பதிவாவது விற்றது மட்டும். வந்து கேட்டுவிட்டு இல்லையென்று திரும்பிப் போனவர் அதில் கிடையாது. கோட்டூர்க் கடையில் பத்து நாளில் 100 மூட்டை விற்றிருக்கிறது என்றால் நாளுக்கு 10 என்று தோன்றும். ஆனால் அந்த 100-ம் நாலே நாளில் தீர்ந்து, மீதி ஆறு நாளும் கடை காலியாக இருந்திருந்தால் உண்மையான ஓட்டம் நாளுக்கு 25. பத்தால் வகுப்பவர் கோட்டூருக்கு மறுபடியும் குறைத்தே கொடுப்பார், மறுபடியும் நாலு நாளில் தீரும், மறுபடியும் விற்பனை குறைவு என்று பதிவாகும். ஒருமுறை பட்டினி கிடந்த கடை ஒவ்வொரு முறையும் பட்டினி கிடப்பது இப்படித்தான்.

ஆகவே சரக்கு இருந்த நாட்களால் மட்டும் வகுக்க வேண்டும். அதிலும் இரண்டு திருத்தம் தேவை. பல நாள் காலியாக இருந்த கடைக்கு லோடு இறங்கிய முதல் நாள் கூட்டம் வழக்கமான கூட்டம் அல்ல, சேர்ந்து நின்ற கூட்டம். அந்த ஒரு நாளை விட்டுவிடுகிறோம். இன்னொன்று, பக்கத்து ஊர்க் கடைகள் காலியாக இருந்தபோது உங்கள் கடையில் மட்டும் சரக்கு இருந்தால், அந்த ஊர்க்காரர்களும் உங்களிடம்தான் வாங்கியிருப்பார்கள். அது உங்கள் தேவை இல்லை. அவர்கள் கடைக்கு மூட்டை வந்தால் அவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.

போன வருஷம் இதே வாரம் எவ்வளவு போச்சுன்னு நோட்டுல இருக்கு. அது போதாதா?

டெல்டாவில் தேதி நிற்பதில்லை. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். அணை திறப்பது இரண்டு மாதம் முன்பின் ஆனால் குறுவை அளவு மாறும், அதை ஒட்டித் தாளடி மாறும், சம்பா விதைப்பு தள்ளும். போன வருடம் நவம்பர் முதல் வாரத்தில் இருந்த மேலுரத் தேவை இந்த வருடம் மூன்றாவது வாரத்தில் வரலாம்.

போன வருட நோட்டிலிருந்து ஒன்றை நம்பலாம்: பருவம் முழுவதற்கும் உங்கள் கடையில் மொத்தம் எத்தனை ஏக்கர்க்காரர்கள் வாங்கினார்கள் என்பது. எந்த வாரம் என்பதை இந்த வருட விதைப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால்தான் ஆவணி, புரட்டாசியில் எந்தத் தட்டுப்பாடும் இல்லாதபோதே, உங்கள் பக்கம் நேரடி விதைப்பு எப்போது, நடவு எப்போது, சுமார் எத்தனை ஏக்கர் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறோம். தட்டுப்பாடு வந்த பிறகு கேட்டால் பதிலும் ஆர்டர் மாதிரியே பெருகிவிடும்.

மழை பேஞ்சு வயல்ல தண்ணி நிக்குது, நாலு நாளா ஒரு மூட்டை போகல. எனக்கு இப்ப வேணாம்னு சொல்லிடவா?

சொல்லாதீர்கள். தண்ணீர் நிற்கும் வயலில் யூரியா போட்டால் கரைந்து வடிகாலில் போய்விடும் என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். தேவை அப்படியே இருக்கிறது, தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். வெயில் அடித்து வடிந்த மறுநாள் அத்தனை பேரும் ஒரே காலையில் கடைக்கு வருவார்கள். பயிர் மஞ்சளித்திருக்கும், பதற்றமும் சேர்ந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நாங்கள் செய்வது, வடிகிற வரிசையைப் பார்ப்பது. வடுவூர் பக்கம் மேட்டு நிலத்தில் சீக்கிரம் வடியும், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை பக்கம் கடைசியாக வடியும். பங்கின் அளவு மாறாது, லாரி போகும் வரிசை மட்டும் மாறும். ஆனால் தாமதமாக வடியும் ஊரின் பங்கை முன்னால் வடிந்த ஊருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த லோடில் ஈடு கட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது. அடுத்த லோடு வந்தால்தானே.

நீரில் மூழ்கி அழுகிப்போன வயல்கள் மட்டும் வேறு கணக்கு. அந்த ஏக்கரைத் தேவையிலிருந்து கழித்துவிடுகிறோம், மறுநடவு நடந்தால் புதிய தேதியில் சேர்க்கிறோம்.

80 மூட்டையை உங்க குடோன்லயே நிறுத்திட்டீங்களே, அது பதுக்கல் இல்லையா?

அனுப்பிய மூட்டையைத் திரும்ப எடுப்பது இறக்குகூலி, ஏற்றுகூலி, வாடகை, பில் என்று எல்லா வகையிலும் சிரமம். தேவைக் கணக்கு எவ்வளவு பார்த்துப் போட்டாலும் ஒன்றிரண்டு ஊரில் தவறும். எல்லாவற்றையும் முதல் நாளே அனுப்பிவிட்டால், நாலாம் நாள் ஒரு கடை காலியாகும்போது கொடுக்க எதுவும் இருக்காது. பத்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டால், முதலில் தீரப்போகும் கடைக்கு ஒரு சின்ன வண்டியில் ஏற்றிவிடலாம்.

ஆனால் நீங்கள் கேட்பதில் உள்ள கவலை சரியானது. நிறுத்தி வைப்பதற்கு மூன்று கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். உரிமத்தில் உள்ள குடோனில்தான் இருக்க வேண்டும், இருப்புப் பதிவேட்டிலும் பலகையிலும் அந்த 80 தெரிய வேண்டும், ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு மூட்டைகூட மிஞ்சக் கூடாது. எந்தக் கடையும் தீரவில்லை என்றால் ஐந்தாம் நாள் அதே சதவீதக் கணக்கில் பிரிந்து போய்விடும். பலகையில் இல்லாத இருப்பு இருந்தால் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் பதுக்கல்தான்.

மெஷின்ல 200 மூட்டை இருப்பு காட்டுது, கடையில 20தான் இருக்கு. உங்க கணக்குல எனக்கு ஒண்ணும் வராம போயிடுமே?

ஆதார் கைரேகை பதியாமல், சிக்னல் இல்லை, கூட்டம், தெரிந்தவர் என்று மூட்டையைக் கொடுத்துவிட்டு, பில்லைப் பிறகு போடலாம் என்று விட்டால் இதுதான் நடக்கும். கருவி உங்களிடம் சரக்கு நிரம்பி இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். எங்கள் தாளில் மட்டுமல்ல, துறையின் பார்வையிலும் உங்கள் ஊருக்குத் தேவையில்லை என்றுதான் தெரியும். நீங்கள் விட்ட பில்லுக்கு உங்கள் ஊர் விவசாயி மூட்டை இழக்கிறார்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. லோடு இறங்கிவிட்டது, ஆனால் கருவியில் வரவை ஏற்றுக்கொள்ளவில்லை. மூட்டை கண்ணெதிரே இருந்தும் பில் போட முடியாது. பிரிப்பதற்கு முந்தின நாள் மாலை ஒவ்வொரு கடையிலும் கருவி இருப்பையும் அடுக்கிய மூட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறோம். இரண்டும் ஒத்துப்போனால் கணக்கில் சேரும். ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் பங்கு கையில் நிறுத்திய மூட்டையோடு சேர்ந்து நிற்கும். வேளாண்மை அலுவலரிடம் சொல்லிச் சரிசெய்த பிறகு வரும். அதற்கும் ஐந்து நாள் கெடுதான்.

நான் ரொக்கம் கட்டுறவன். கடன் வெச்சிருக்கிற கடைக்கும் எனக்கும் ஒரே சதவீதமா?

பங்கு ஒன்றுதான். பணம், அந்தப் பங்கை எடுக்கும் நாளில் பேச வேண்டிய விஷயம். லாரி கிளம்பும் முன் இந்த லோடுக்கான பணம் வர வேண்டும், வராவிட்டால் அந்த மூட்டை மற்ற கடைகளுக்கு மறுபடி பிரியும். பழைய பாக்கியை இதில் கலப்பதில்லை.

எங்க ஊர் சொசைட்டிக்கும் யூரியா வருது. பக்கத்து ஊர் சொசைட்டிக்கு வரல. அதைப் பார்ப்பீங்களா?

பார்க்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்துக்கு வருவது எங்கள் வழியாக வருவதில்லை, ஆனால் போகிற வயல் ஒன்றுதான். கூத்தாநல்லூர்ப் பக்கம் சங்கத்தில் 100 மூட்டை இறங்கியிருந்தால், அந்த 240-ல் ஒரு பகுதி அங்கே நிறைவேறிவிடும். எல்லாமே உங்கள் வாடிக்கையாளருக்குப் போகாது என்பதால் நூறையும் கழிப்பதில்லை. உங்கள் வாடிக்கையாளரில் சங்க உறுப்பினர் எத்தனை பேர் என்று கேட்டு அந்த அளவுக்குக் கழிக்கிறோம்.

புதுசா கடை தொறந்தேன், பழைய கணக்கே இல்லை. எனக்கு என்ன வழி?

உங்களைச் சுற்றி எத்தனை ஏக்கர், அதில் பக்கத்துக் கடைக்காரர் கணக்கில் ஏற்கெனவே எவ்வளவு வந்துவிட்டது என்று பார்த்து, மீதியை உங்கள் தேவையாக வைக்கிறோம். ஒரே ஏக்கரை இரண்டு கடையிலும் எழுதிவிட்டால் அந்த ஊருக்கு இரட்டைப் பங்கு போய்விடும்.

எங்க பக்கம் பயிர் தண்டு உருளுது, இப்ப போட்டாதான் உண்டு. இப்பத்தான் நட்ட ஊருக்கும் எங்களுக்கும் ஒரே 64 சதவீதம்னா எப்படி?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் கனமானது. எல்லா மூட்டைக்கும் ஒரே அவசரம் இல்லை. தூர் கட்டும் பருவத்தில் மேலுரம் சில நாள் தள்ளினால் பயிர் ஓரளவு தாங்கும். கதிர் உருவாகத் தொடங்கும் தண்டு உருளும் பருவத்தில் தவறவிட்டால், அப்புறம் போடுவது கதிரில் மணியாகத் திரும்பி வராது. ஆகவே அவசரத் தேவையை முதலில் முழுக்க நிரப்பிவிட்டு, மிஞ்சியதைச் சதவீதத்தில் பிரிப்பதே சரி என்று நான் நினைக்கிறேன்.

கோட்டூரில் நேரடி விதைப்பு முன்னாலேயே நடந்து, 360-ல் 300 ஏக்கர் தண்டு உருளும் நிலையில் இருக்கிறது, அந்தக் கடைக்காரர் ஆர்டரையும் 300-லிருந்து 360 ஆக மாற்றிப் போட்டிருக்கிறார், மற்ற நான்கு ஊரிலும் இன்னும் தூர் கட்டும் பருவம்தான் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் கிடைப்பது 960. அதில் 300-ஐக் கோட்டூருக்கு முதலில் ஒதுக்கினால் மீதி 660. மீதித் தேவை 1,200. ஆக 55 சதவீதம். கோட்டூரின் மீதி 60 ஏக்கருக்கு 33 மூட்டை சேர்த்து, அங்கே 333 போகும். மற்ற நான்கு ஊரும் 64-லிருந்து 55-க்கு இறங்கும். அவர்கள் ஒன்பது சதவீதம் விட்டுக்கொடுப்பதில், ஒரு ஊரின் கதிர் தப்பிக்கிறது. அந்த நால்வருக்கும் தண்டு உருளும் வாரம் வரும்போது அதே முன்னுரிமை அவர்களுக்குக் கிடைக்கும் என்பதைத் தாளிலேயே எழுதிக் கொடுக்கிறோம்.

ஆபத்து எங்கே என்றால், முன்னுரிமை உண்டு என்று தெரிந்தவுடன் எல்லா ஊரிலும் தண்டு உருள ஆரம்பித்துவிடும். அதனால் கடைக்காரர் சொல்வதை மட்டும் எடுப்பதில்லை. புரட்டாசியில் எழுதி வைத்த விதைப்புத் தேதியும் ரகத்தின் வயதும் சொல்லும் பருவத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்கிறோம். நடவு வயலுக்கும் நேரடி விதைப்பு வயலுக்கும் ஒரே நாள் கணக்குப் போடுபவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

நீங்க சரியாப் பிரிச்சாலும், கடையில மொத நாளே நாலு பேரு அள்ளிட்டுப் போயிடுறாங்களே?

அதைத் தடுக்க வேண்டியது நீங்கள். 64 சதவீதம் என்றால், ஐந்து ஏக்கர்க்காரருக்கு முதல் சுற்றில் மூன்று மூட்டை, அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன விவசாயிக்கு ஒரு மூட்டைக்குக் கீழே போக முடியாது, எனவே சுமையைப் பெரிய ஏக்கர்க்காரர்தான் ஏற்க வேண்டும். அவரிடம் அடுத்த லோடு வரும்போது மீதி உங்களுக்கு என்று சொல்லி, பெயரை எழுதி வையுங்கள்.

நிலத்துக்குச் சான்று கேட்பதில் கவனம் வேண்டும். சிட்டா கொண்டுவந்தால்தான் மூட்டை என்று சொன்னால், கோயில் நிலத்திலும் அடுத்தவர் நிலத்திலும் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் வெளியே நிற்பார். நிலத்தில் இறங்காத சொந்தக்காரர் பெயரில் மூட்டை போகும். ஏக்கர் தெரிந்துகொள்ள அடங்கல், குத்தகைப் பதிவு, அதுவும் இல்லை என்றால் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த உண்மை, எதுவானாலும் போதும். இன்னொன்று, யூரியா வேண்டும் என்றால் இந்த மருந்தையும் எடு, அந்தச் சத்துப் பொட்டலத்தையும் எடு என்று திணிக்கிற கடைக்கு அடுத்த லோடு போகாது. அதை நாங்கள் யாருக்காகவும் தளர்த்துவதில்லை.

ஒவ்வொரு கடைக்கும் எவ்வளவுன்னு எல்லாருக்கும் ஏன் அனுப்புறீங்க? சண்டைதானே வரும்?

மூட்டை எண்ணை மட்டும் அனுப்பினால் வரும். கோட்டூருக்கு 230, எனக்கு 72-ஆ என்பார் வடுவூர்க்காரர். மேலே உள்ள பட்டியலை முழுதாக, தேவை, இருப்பு, இலக்கு எல்லாம் சேர்த்து வாட்சப்பில் அனுப்பினால் கேள்வி மாறிவிடும். கோட்டூருக்கு 360 ஏக்கர் எப்படி வந்தது என்று கேட்பார். அது நல்ல கேள்வி, பக்கத்து ஊர்க்காரர்தான் அதைச் சரியாகக் கேட்க முடியும். பெருக்கி எழுதிய ஏக்கர் பெரும்பாலும் அந்தக் குழுவில்தான் பிடிபடும்.

அடுத்த ரேக் எப்போ வரும்னே தெரியாதப்போ பத்து நாள்னு எப்படி முடிவு பண்றீங்க?

பத்து என்பது கல்லில் எழுதியது இல்லை. அடுத்த சரக்கு வந்து இறங்கி உங்கள் கடைக்கு வரும்வரை எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. தஞ்சாவூருக்கு உரம் ஏற்றிய சரக்கு ரயிலான ரேக் வந்துவிட்டது, நாலு நாளில் நமக்குக் கிடைக்கும் என்று உறுதியானால் நாலு நாள் தேவையை மட்டும் வைத்துப் பிரிக்கிறோம். அப்போது இப்போதே தேவைப்படும் ஊருக்கு அதிகமாகவும், அடுத்த வாரம் தேவைப்படும் ஊருக்குக் குறைவாகவும் போகும். வரும் என்று வாய்வார்த்தையாக மட்டும் தெரிந்தால் பத்து நாளிலேயே நிற்கிறோம். வராமல் போனால் அடுத்த வார ஊர்தான் அடிபடும் என்பதால் அந்தச் சூதாட்டத்தை அவர்கள் செலவில் ஆடுவதில்லை.

பிரிச்சது சரியா தப்பான்னு பின்னாடி எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

ஒவ்வொரு கடையிலும் சரக்கு எந்த நாள் தீர்ந்தது என்று எழுதுகிறோம். தேவையில் 64 சதவீதம்தான் கொடுத்தோம் என்றால், நாள் ஓட்டம் ஒரே சீராக இருக்கும் கடை ஆறாம் நாள் அல்லது ஏழாம் நாள் தீர வேண்டும். ஐந்து கடையும் ஐந்தாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் நடுவில் தீர்ந்தால் பங்கு சரிதான். வடுவூரில் பத்தாம் நாள் 50 மூட்டை நிற்கிறது, திருத்துறைப்பூண்டி மூன்றாம் நாளே காலி என்றால் ஏக்கர் கணக்கு தவறு, அல்லது திருத்துறைப்பூண்டியில் வெளியூர் ஆள் வாங்கியிருக்கிறார். எது என்று பில்லில் உள்ள ஊர்ப் பெயரைப் பார்த்தால் தெரியும்.

வெளியூர்ப் பெயர்கள் நிறைய இருந்தால் அந்த ஊர்களுக்குக் கிட்டே உள்ள கடையின் தேவையைக் கூட்டுகிறோம், திருத்துறைப்பூண்டியை அப்படியே விடுகிறோம். உள்ளூர்ப் பெயர்களாகவே இருந்தால் அங்கே ஏக்கரைத் திருத்துகிறோம். திருத்திய எண் அடுத்த பட்டியலில் சிவப்பு மையில் இருக்கும், எதனால் மாறியது என்று பக்கத்தில் ஒரு வரியும் இருக்கும். வடுவூரில் நின்ற 50 மூட்டையைத் திருப்பிக் கேட்பதில்லை. அடுத்த முறை இருப்பில் கழித்துக்கொள்கிறோம்.